வாட்ஸ்அப் சார்ஜைத் தின்கிறதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

"வாட்ஸ்அப்பாலதாண்ணே சார்ஜ் நிக்கமாட்டேங்குது" என்று சொல்லிப் போனை நீட்டுகிறவர்கள் எங்கள் சர்வீஸ் கடைக்கு நிறைய வருகிறார்கள். பெரும்பாலும் பேட்டரிப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அதில் வாட்ஸ்அப் முதல் வரியில் இருந்திருக்கும். பட்டியல் தவறில்லை. ஆனால் செலவு யார் பெயரில் விழுந்தது என்றுதான் அது சொல்லும், எதற்காக விழுந்தது என்று சொல்லாது. திரை எரிந்தது, டவர் சரியாகக் கிடைக்காமல் போன் திணறியது, ஜிபிஎஸ் ஓடியது, போட்டோக்கள் இறங்கியது எல்லாமே வாட்ஸ்அப் கணக்கில் ஏறலாம். காரணத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிப் பேருக்கு ஒரு செட்டிங்கை மாற்றினாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். பேக்கப் இல்லாமல் அழித்தால் பழைய பேச்சுகள் போய்விடும். சார்ஜ் பிரச்சினையோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டில் `Settings → Battery → Battery usage`. ஐபோனில் `Settings → Battery`. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், ஆனால் பேட்டரிப் பக்கத்துக்குள்தான் இருக்கும். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் பார்க்காதீர்கள். பாதி சார்ஜாவது செலவான பிறகு, சாயங்காலம்போல் பாருங்கள். அப்போதுதான் எண்களுக்கு அர்த்தம் இருக்கும்.

பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட்டால் இரண்டு நேரங்கள் தெரியும். ஒன்று, அது திரையில் திறந்திருந்த நேரம். இன்னொன்று, பின்னணியில் ஓடிய நேரம். சதவீதத்தைவிட இந்த இரண்டும்தான் முக்கியம்.

சதவீதத்தைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் தோராயமாகக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை நூறை ஒட்டி வந்தால், அது செலவான சார்ஜில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு. அதாவது பேட்டரியில் 40 சதவீதம்தான் செலவாகியிருக்கிறது, வாட்ஸ்அப்புக்கு 25 என்று காட்டுகிறது என்றால், அது உண்மையில் எடுத்தது பேட்டரியில் 10 சதவீதம். இதைத் தெரியாமல் "கால்வாசி சார்ஜை வாட்ஸ்அப் குடித்துவிட்டது" என்று நினைப்பவர்கள் அதிகம்.

இனி கிளை பிரிக்கலாம். திரை நேரம் அதிகம், பின்னணி நேரம் குறைவு என்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். பின்னணி நேரம் மணிக்கணக்கில் இருந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் உங்களுக்கு. இரண்டு நேரமும் குறைவு, ஆனாலும் சார்ஜ் இறங்குகிறது என்றால் நேராகக் கடைசி அறிகுறி.

## அறிகுறி 1: பட்டியலில் வாட்ஸ்அப் முதலிடம், பகலில்தான் இறங்குகிறது

திரை நேரம் இரண்டு, மூன்று மணி நேரம். பின்னணி சில நிமிடங்கள்தான் என்றால், வாட்ஸ்அப் எதையும் மறைவாகச் செய்யவில்லை. நீங்கள் அதைத் திறந்து வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். போனில் அதிகம் செலவு வைப்பவற்றில் ஒன்று திரை. அந்தச் செலவைப் பல போன்கள் அப்போது திறந்திருந்த ஆப்பின் பெயரிலேயே எழுதுகின்றன. அதே மூன்று மணி நேரம் வேறு ஆப்பைப் பார்த்திருந்தால் அதுதான் முதலிடத்தில் இருந்திருக்கும்.

இதற்கு வாட்ஸ்அப்புக்குள் எந்த மருந்தும் இல்லை. போனின் வெளிச்சத்தைத் தானாக மாறும்படி வையுங்கள். திரை அணையும் நேரத்தை 30 வினாடியாக்குங்கள். ஓஎல்இடி திரை உள்ள போனாக இருந்தால் வாட்ஸ்அப்பில் `Settings → Chats → Theme → Dark` கொஞ்சம் மிச்சம் செய்யும். சாதாரண எல்சிடி திரையில் கறுப்புத் தீம் போட்டுச் சார்ஜ் மிச்சமாகாது, ஏனென்றால் பின்னால் எரியும் விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

பின்னணி நேரம் ஒரு மணி நேரம் வரை காட்டுகிறது, நீங்கள் கால் பேசியிருக்கிறீர்கள் என்றால் அதையும் கழித்துப் பாருங்கள். வாய்ஸ் காலில் போனைக் காதில் வைத்ததும் திரை அணைந்துவிடுகிறது. அதனால் அந்தப் பேச்சு நேரம் பின்னணிக் கணக்கில் சேரலாம். அக்காவோடு முக்கால் மணி நேரம் பேசியதை மறந்துவிட்டு, ஆப் திருட்டுத்தனம் செய்கிறது என்று நினைக்க வேண்டாம்.

## அறிகுறி 2: ராத்திரி தூங்கி எழுந்தால் சார்ஜ் பாதியாகியிருக்கிறது

நல்ல பேட்டரி உள்ள போன் சும்மா கிடந்தால் ஓர் இரவில் ஐந்து சதவீதம்போல் இறங்கும். பத்துக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். இருபது, முப்பது என்றால் தேட வேண்டும்.

தேடுவதற்கு எளிய வழி, இரண்டு இரவு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஓர் இரவு வழக்கம்போல் விட்டு, படுக்கும்போதும் எழும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரவு ஏரோபிளேன் மோடில் போட்டு அதே மாதிரி குறியுங்கள். அலாரம் அடிக்கும், ஆனால் யாரும் கூப்பிட முடியாது. வீட்டில் வயதானவர்களோ உடம்புக்கு முடியாதவர்களோ வேறு ஊரில் இருந்தால் இன்னொரு போன் கையில் இருக்கும் நாளில் செய்யுங்கள்.

ஏரோபிளேன் மோடிலும் அதே அளவு இறங்கினால் வாட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள். நெட்டே இல்லாதபோது அதற்குச் செய்ய அதிகம் எதுவும் இல்லை. கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

ஏரோபிளேன் மோடில் கிட்டத்தட்ட இறங்கவே இல்லை என்றால் செலவு நெட்வொர்க் வழியாகப் போகிறது. இனி செலவில்லாத வேலையிலிருந்து தொடங்கலாம்.

முதலில் பேக்கப். வாட்ஸ்அப்பில் `Settings → Chats → Chat backup` திறந்து, கடைசி பேக்கப் எப்போது நடந்தது, எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் தினமும் அதிகாலை 2 மணிவாக்கில் போனுக்குள்ளேயே ஒரு பேக்கப் எடுக்கப்படும். அது சின்ன வேலை. கூகுள் கணக்குக்கு ஏறும் பேக்கப்தான் பெரிது. அதில் `Include videos` ஆன் ஆகியிருந்து, ஜிபி கணக்கில் வீடியோ சேர்ந்திருந்தால் ராத்திரி நெடுநேரம் ஏற்றிக்கொண்டிருக்கும். கடைசி பேக்கப் தேதி பல வாரங்களுக்கு முந்தையதாக இருந்தால் பேக்கப் முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். முக்கியக் காரணம் கூகுள் இடம் நிரம்பியிருப்பது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் உங்கள் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்துக்குள்தான் சேருகிறது. பலருக்கு இது தெரியாது. இடத்தைக் காலி செய்யுங்கள், `Include videos` அணையுங்கள், தினசரியை `Weekly` ஆக்குங்கள், `Back up using cellular` அணைந்திருக்கட்டும். முதல் பெரிய பேக்கப்பைச் சார்ஜரில் போட்டு வைஃபையில் எடுத்துவிட்டால் அடுத்தடுத்தவை லேசாக முடியும்.

அப்புறம் கேலரி. இங்கே பழி இடம் மாறும். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் கேலரிக்குப் போகின்றன. கூகுள் போட்டோஸில் `Back up device folders` பகுதியில் `WhatsApp Images` ஆன் ஆகியிருந்தால் ஒவ்வொரு காலை வணக்கப் படமும் மறுபடி மேலே ஏறும். பட்டியலில் இது போட்டோஸ் பெயரில் வரும், காரணமோ வாட்ஸ்அப். அந்தப் போல்டரை அணையுங்கள். கேலரியிலேயே படங்கள் சேர வேண்டாம் என்றால் வாட்ஸ்அப்பில் `Settings → Chats → Media visibility` அணைக்கலாம். இனி வருபவற்றுக்குத்தான் அது பொருந்தும், பழையவை அப்படியே இருக்கும்.

மூன்றாவது குரூப்கள். "எல்லா குரூப்பையும் மியூட் பண்ணிட்டேன்" என்று சொல்வார்கள். மியூட் சத்தத்தைத்தான் நிறுத்தும். செய்தி வருவதும், படம் தானாக இறங்குவதும் நிற்காது. ஆர்க்கைவ் செய்தாலும் அப்படித்தான். நிறுத்த வேண்டியது தானியங்கி டவுன்லோடை. `Settings → Storage and data` பக்கத்தில் `Media auto-download` என்ற பகுதி இருக்கும். `When using mobile data`, `When connected on Wi-Fi`, `When roaming` மூன்றையும் திறந்து, வீடியோவையும் டாக்குமென்ட்டையும் மூன்றிலும் எடுத்துவிடுங்கள். மொபைல் டேட்டாவில் போட்டோவையும் எடுத்துவிடலாம். படம் மங்கலாகத் தெரியும், வேண்டுமானால் தொட்டால் இறங்கும். வாய்ஸ் மெசேஜ் மட்டும் எப்போதும் தானாகவே இறங்கும், அதை இங்கே அணைக்க முடியாது.

படம் சின்னதுதானே என்று தோன்றலாம். மொபைல் டேட்டாவில் ஒரு சின்னப் படம் இறங்கி முடிந்த பிறகும் டவரோடு பேசும் போனின் ரேடியோ உடனே ஓய்வுக்குப் போகாது, சில வினாடிகள் விழித்தே இருக்கும். நிமிடத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தால் அது அடிக்கடி விழித்துக்கொண்டே இருக்கும். பெரிய வீடியோ ஒன்று ஒரே மூச்சில் இறங்குவதைவிட இப்படிச் சொட்டுச் சொட்டாக வருவது சில சமயம் அதிகம் செலவு வைக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் இரவில் அதே இறக்கம் என்றால், ஒரு இரவு நெட்டை ஆன் செய்தே வைத்து, வாட்ஸ்அப்பை மட்டும் `Force stop` செய்து பாருங்கள். மறுபடி நீங்கள் திறக்கும்வரை அதில் செய்தி வராது. அப்போதும் சார்ஜ் இறங்கினால் வேறு ஆப்பையோ டவரையோ தேட வேண்டும்.

## அறிகுறி 3: வீட்டில் நிற்கிறது, வெளியே போனால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது

வெளியே போனதும் மாறுவது இரண்டு. வைஃபை போய் மொபைல் டேட்டா வரும். நல்ல டவர் போய் மோசமான டவர் வரும். சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில் போன் தன் பக்கத்திலிருந்து அதிக சக்தியில் கத்தித்தான் டவருக்குப் பேச வேண்டும். அதே செய்தி, அதே படம், செலவு மட்டும் கூடுதல்.

ஒரு ஸ்கூல் வேன் டிரைவரின் போனை வைத்துச் சொல்கிறேன். "காலையில நூறு இருக்கும் தம்பி, ரெண்டு மணிக்குப் பாத்தா இருபத்தஞ்சுல நிக்குது. சாயந்திரம் ட்ரிப் எடுக்கும்போது போனே இல்ல. பேட்டரி மாத்திரு" என்றார். மாற்றுவதற்கு முன்னால் பட்டியலைத் திறந்தோம். அப்போது சார்ஜ் 26, அதாவது 74 செலவு. வாட்ஸ்அப் 46 சதவீதம் என்று காட்டியது, எண்களின் கூட்டுத்தொகை நூறை ஒட்டி இருந்தது. ஆக, 74-இல் 46 சதவீதம், பேட்டரி கணக்கில் சுமார் 34. திரை நேரம் 40 நிமிடம்தான். பின்னணி நேரம் 6 மணி 10 நிமிடம். கால் அதிகம் பேசவில்லை என்றார்.

ஆறு மணி நேரப் பின்னணி சாதாரணமாக வரவே வராது. செய்திகள் வருவதற்காக வாட்ஸ்அப் நாள் முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை. கூகுள் சேவைகள் உள்ள ஆண்ட்ராய்டு போனில் எல்லா ஆப்களுக்கும் பொதுவாக ஒரே இணைப்புத் திறந்திருக்கும், செய்தி வரும்போது அதுதான் ஆப்பை எழுப்பும். ஐபோனிலும் அப்படித்தான். ஆகவே மணிக்கணக்கில் பின்னணி என்றால் யாரோ அதை ஓடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். `Settings → Privacy → Live location` திறந்ததும் தெரிந்துவிட்டது. வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர்கள் பார்ப்பதற்காக, தினமும் காலை ஏழரைக்குக் குரூப்பில் லைவ் லொகேஷன் போடுகிறார். வாட்ஸ்அப் தரும் தேர்வுகள் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். அவர் அமுக்கியது 8. எட்டரைக்கே பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனை ஸ்கூல் பின்னால் மரத்தடியில் நிறுத்திவிடுகிறார். போன் மட்டும் நகராத வேனின் இடத்தை மூன்றரை மணி வரை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் சிக்னலும் ஒரு கோடுதான்.

காலை ட்ரிப்புக்கு 1 மணி நேரம், சாயங்காலத்துக்கு மறுபடி 1 மணி நேரம் என்று மாற்றச் சொன்னேன். முன்னதாகவே முடிந்தால் `Stop sharing` அமுக்கிவிட வேண்டும். அதோடு மொபைல் டேட்டாவில் போட்டோ தானாக இறங்குவதையும் அணைத்தோம். மறுநாள் இரண்டு மணிக்குப் போன் 57-இல் இருந்தது. அவர் பேட்டரிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெற்றோர்களுக்கும் வேன் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் போனில் லைவ் லொகேஷன் எதுவும் ஓடவில்லை என்றால் டவரைப் பாருங்கள். பட்டியலில் ஆப்களுக்குப் பதிலாக சிஸ்டம் பகுதியைப் பார்க்கும் வசதி சில போன்களில் உண்டு. அதில் `Mobile network` மேலே இருந்தால் குற்றவாளி சிக்னல். 5ஜி வந்து வந்து போகும் இடமாக இருந்தால் `Preferred network type` பகுதியில் 4ஜியாக மாற்றிச் சில நாள் பாருங்கள். ஆபீஸில் வைஃபை இருந்தால் அதில் சேருங்கள். சிக்னலே எட்டாத இடத்தில் பல மணி நேரம் இருக்கப்போகிறீர்கள் என்றால் ஏரோபிளேன் மோடுதான் நல்லது.

## அறிகுறி 4: வீடியோ காலில் சூடாகி வேகமாக இறங்குகிறது

இது பழுதில்லை. கேமரா, திரை, மைக், ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில் ஓட, வீடியோவைச் சுருக்கி அனுப்புவதும் வருவதை விரிப்பதும் சேர்ந்து நடக்கிறது. போன் செய்யும் கனமான வேலைகளில் இதுவும் ஒன்று. வைஃபையில் பேசுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், முகம் பார்த்தது போதும் என்றதும் கேமராவை அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். `Settings → Storage and data → Use less data for calls` கொஞ்சம் உதவும். சார்ஜரில் மாட்டிக்கொண்டே நெடுநேரம் வீடியோ கால் பேசாதீர்கள். இரண்டு சூடும் சேர்ந்து பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

கால் முடிந்து கால் மணி நேரம் ஆன பிறகும் சூடு இறங்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஆப்பை அப்டேட் செய்யுங்கள். ஆப்பிலேயே பிழை இருப்பதும் உண்டு. 2015-இல் ஐபோனில் பேஸ்புக் ஆப், வீடியோ பார்த்து முடித்த பிறகும் ஒலி இணைப்பை மூடாமல் வைத்திருந்ததால் பின்னணியில் சார்ஜ் குடித்தது. அந்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு அப்டேட்டில் சரிசெய்தது. அப்படிப்பட்ட பிழை என்றால் ஒரு குறிப்பிட்ட அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று தொடங்கியிருக்கும், அக்கம்பக்கத்திலும் அதே புகார் கேட்கும்.

## அறிகுறி 5: சிக்கனம் செய்ததும் செய்திகள் தாமதமாக வருகின்றன

யாரோ சொன்னார்கள் என்று ஆப்பின் பேட்டரிப் பக்கத்தில் `Restricted` போட்டிருப்பீர்கள். அதை `Optimized` ஆக மாற்றுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே சரியான இடம். `Optimized` வைத்தும் செய்தி தாமதமானால் மட்டும் `Unrestricted`.

சமீபத்திய ஆப்கள் பட்டியலிலிருந்து வாட்ஸ்அப்பை அடிக்கடி தள்ளிவிடும் பழக்கத்தையும் விடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது முதலிலிருந்து ஏற வேண்டியிருப்பதால் செலவு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. தானாக ஆப்களைக் கொல்லும் கிளீனர் ஆப் ஏதாவது போட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஐபோனில் `Settings → General → Background App Refresh` பக்கத்தில் வாட்ஸ்அப்பை அணைத்தாலும் செய்தி அறிவிப்பு வரும், அதனால் அங்கே தாராளமாக அணைத்துப் பார்க்கலாம்.

கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருப்பதால் போனில் சார்ஜ் போகிறது என்பதும் பழைய கதை. முன்பு கணினிக்குப் போகும் ஒவ்வொரு செய்தியும் போன் வழியாகத்தான் போனது. 2021-இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு கணினி நேரடியாகவே இணைகிறது.

## அறிகுறி 6: எல்லா ஆப்பும் கீழே இருக்கிறது, ஆனாலும் தீர்கிறது, அல்லது 30 சதவீதத்தில் அணைந்துவிடுகிறது

இங்கே செட்டிங் வேலை முடிந்தது. பேட்டரி களைத்துவிட்டதற்கான அடையாளங்கள் இவை: 30, 20 என்று காட்டும்போதே போன் அணைவது, சார்ஜரில் மாட்டியதும் எண் திடீரென்று தாவுவது, ஏரோபிளேன் மோடிலும் இறங்குவது. ஐபோனில் `Battery Health` பக்கத்தில் `Maximum Capacity` பாருங்கள். 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம். சாம்சங்கில் `Samsung Members` ஆப்பின் பரிசோதனைப் பகுதியில் பேட்டரி நிலை தெரியும். வேறு போன் என்றால் கடையில் பார்த்துச் சொல்வார்கள்.

கடைக்கு வரும்போது பேட்டரிப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட், இரண்டு இரவின் எண்கள், போன் வாங்கிய வருடம் மூன்றையும் கொண்டுவாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் அங்கே யாரும் உங்களிடம் ஊகத்தில் பேட்டரி விற்க முடியாது. பேட்டரி மாற்றிய பிறகும் அதே இறக்கம் என்றால் சார்ஜிங் போர்டிலோ மதர்போர்டிலோ கசிவு இருக்கலாம். அதை மீட்டர் வைத்து அளந்துதான் சொல்ல முடியும், செலவும் கூடும். பழைய போனாக இருந்தால் அந்தச் செலவு தேவையா என்று விலையைக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். போனின் பின்மூடி தூக்கியிருந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தாலோ, மேஜையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ராத்திரி தலைமாட்டில் வைக்காதீர்கள். அணைத்து அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே விட்டுவிடுங்கள்.